எரடோஸ்தனிஸ் சல்லடையில் நீக்கலின் தொடக்கப் புள்ளி: வர்க்க விதியின் சரித்தன்மையும் எல்லைகளும்

ஆய்வுச் சுருக்கம்

பகா எண்களைப் பட்டியலிடும் எரடோஸ்தனிஸ் சல்லடை முறையில், ஒவ்வொரு பகா எண் p-க்கும் அதன் மடங்குகளை 2p-இலிருந்து நீக்காமல் p²-இலிருந்து நீக்கத் தொடங்கலாம் என்பது பாடநூல்களிலும் நிரல்களிலும் வழக்கமாகக் காணப்படும் விதியாகும். இவ்விதி சரியானதா, எந்த நிபந்தனையின்கீழ்ச் சரியானது, அதனால் கிடைக்கும் பயன் எவ்வளவு என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. வழக்கமான விளக்கத்தில் விடுபடும் ஒரு படியை நிரப்பி விதி நிறுவப்படுகிறது. 100 வரையிலான சல்லடை முழுமையாகக் கணக்கிடப்படுகிறது. விதியைப் பொருத்தமற்ற இடத்தில் கையாள்வதால் எழும் நான்கு வகைப் பிழைகளும் அவற்றைக் கண்டறியும் வழியும் எடுத்துக்காட்டுகளுடன் தரப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: பகா எண், பகு எண், எரடோஸ்தனிஸ் சல்லடை, வர்க்க விதி, மீச்சிறு பகாக் காரணி, துண்டுச் சல்லடை.

1. முன்னுரை

ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத, ஒன்றைவிடப் பெரிய இயல் எண் பகா எண் எனப்படுகிறது. குறிப்பிட்ட ஓர் எண் வரையுள்ள பகா எண்கள் அனைத்தையும் பட்டியலிடச் சல்லடை முறை பயன்படுகிறது. 2 முதல் N வரையுள்ள எண்களை வரிசையாக எழுதி, நீக்கப்படாத முதல் எண்ணை எடுத்துக்கொண்டு அதன் மடங்குகளை நீக்க வேண்டும். பின்னர் நீக்கப்படாத அடுத்த எண்ணுக்குச் சென்று அதையே திரும்பச் செய்ய வேண்டும். இறுதியில் எஞ்சுபவை பகா எண்கள்.

இம்முறையைக் கற்பிக்கும்போது ஒரு குறிப்பு சேர்த்துச் சொல்லப்படுவதுண்டு. 5-இன் மடங்குகளை நீக்கும்போது 10, 15, 20 ஆகியவற்றைத் தொட வேண்டியதில்லை. 25-இலிருந்து தொடங்கினால் போதும் என்பதே அது. காரணம் கேட்டால், 'அவை முன்னரே நீக்கப்பட்டுவிட்டன' என்ற விடை கிடைக்கும். விடை சரியானதே. ஆயினும் அது முழுமையானதன்று. முன்னர் நீக்கிய 2, 3 ஆகிய எண்களும் தத்தம் வர்க்கத்திலிருந்தே நீக்கலைத் தொடங்கியிருக்கும் நிலையில், 10, 15, 20 ஆகியவை அவற்றின் நீக்கலுக்குள் வந்தே தீரும் என்பதற்கு என்ன உறுதி? சிறிய எடுத்துக்காட்டுகளில் அப்படி நிகழ்கிறது என்று காட்டுவது நிறுவலாகாது. இந்த இடைவெளியை நிரப்புவதும், நிரப்பியபின் விதியின் எல்லைகளை வரையறுப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சல்லடையின் பழைய வடிவம்

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் நூலகராக விளங்கிய எரடோஸ்தனிஸின் பெயரால் இம்முறை வழங்குகிறது. அவர் தம் கைப்பட இதை விளக்கிய நூல் எதுவும் கிடைக்கவில்லை. ஏறத்தாழ கி.பி. 100-ஆம் ஆண்டளவில் வாழ்ந்த கெராசா நகரத்து நிக்கோமாக்கஸ், தம் எண்கணித அறிமுக நூலில் இம்முறையை எரடோஸ்தனிஸுக்குரியதாகக் குறிப்பிட்டு விளக்குகிறார்.

நிக்கோமாக்கஸின் சல்லடை 3-இலிருந்து தொடங்கும் ஒற்றை எண்களை மட்டுமே கொண்டது. இரட்டை எண்கள் தொடக்கத்திலேயே இடம்பெறுவதில்லை. 3-இலிருந்து இரண்டிரண்டு எண்களைத் தாண்டிச் சென்றால் 9, 15, 21 என அதன் மடங்குகள் அமைகின்றன. 5-இலிருந்து நான்கு நான்கு எண்களைத் தாண்டிச் சென்றால் 15, 25, 35 என அதன் மடங்குகள் அமைகின்றன. இங்கு 5-இன் நீக்கல் 25-இலிருந்து தொடங்கவில்லை. ஏற்கெனவே 3-ஆல் அளக்கப்பட்ட 15-இலிருந்து தொடங்குகிறது. எனவே வர்க்க விதி சல்லடையின் பழைய விளக்கத்தில் உள்ளடங்கியதன்று.

இதனை நிக்கோமாக்கஸின் கவனக்குறைவாகக் கொள்வதற்கில்லை. எந்த எண் எந்த எண்ணால் எத்தனை முறை அளக்கப்படுகிறது என்பதையும் அவர் காட்ட விரும்பினார். 15 என்பது 3-ஆல் ஐந்து முறையும், 5-ஆல் மூன்று முறையும் அளக்கப்படுகிறது. 25-இலிருந்து தொடங்கியிருந்தால் இரண்டாவது செய்தி கிடைத்திருக்காது. சல்லடையிலிருந்து எதைப் பெற விரும்புகிறோமோ அதைப் பொறுத்தே தொடக்கப் புள்ளி அமைய வேண்டும் என்னும் கருத்து இங்கேயே வெளிப்படுகிறது. ஆறாம் பகுதியில் இது மீண்டும் தேவைப்படும்.

3. நூறு வரையிலான சல்லடை

N = 100 எனக் கொண்டு வர்க்க விதியின்படி நீக்கலைச் செய்து பார்க்கலாம்.

முதல் எண் 2. அதன் வர்க்கம் 4. 4 முதல் 100 வரை 2-இன் மடங்குகள் 49 உள்ளன. 49-உம் புதிதாக நீக்கப்படுகின்றன.

அடுத்து நீக்கப்படாத எண் 3. 9 முதல் 99 வரை அதன் மடங்குகள் 31. இவற்றுள் 12, 18, 24 போன்ற இரட்டை எண்கள் முன்னரே நீங்கிவிட்டன. 9, 15, 21 என 99 வரையுள்ள 16 ஒற்றை எண்கள் மட்டுமே புதியவை.

அடுத்தது 5. 25 முதல் 100 வரை அதன் மடங்குகள் 16. அவற்றுள் 25, 35, 55, 65, 85, 95 ஆகிய ஆறு மட்டுமே புதியவை.

அடுத்தது 7. 49 முதல் 98 வரை அதன் மடங்குகள் 8. அவற்றுள் 49, 77, 91 ஆகிய மூன்று மட்டுமே புதியவை.

அடுத்து நீக்கப்படாத எண் 11. அதன் வர்க்கம் 121. அது 100-ஐக் கடந்துவிடுகிறது. எனவே நீக்க வேண்டியது எதுவுமில்லை.

புதிதாக நீக்கப்பட்டவை 49 + 16 + 6 + 3 = 74. 2 முதல் 100 வரை 99 எண்கள் உள்ளன. 99-இலிருந்து 74-ஐக் கழிக்க 25 எஞ்சுகிறது. 100 வரையுள்ள பகா எண்களின் எண்ணிக்கையும் 25 ஆகும். விடை பொருந்துகிறது.

இக்கணக்கில் ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். மொத்தம் 49 + 31 + 16 + 8 = 104 முறை நீக்கல் நிகழ்ந்துள்ளது; நீங்கிய எண்களோ 74 மட்டுமே. எஞ்சிய 30 நீக்கல்களும் முன்னரே நீக்கியதை மீண்டும் நீக்கியவை. எனவே p²-இலிருந்து தொடங்கினால் எந்த எண்ணும் இருமுறை நீக்கப்படாது என எண்ணுவது தவறு. 30 என்ற எண் 2-ஆலும், 3-ஆலும், 5-ஆலும் மூன்று முறை நீக்கப்படுகிறது. p²-க்குக் கீழே p-க்குப் புதிய வேலை எதுவும் இல்லை என்பது மட்டுமே வர்க்க விதியின் கூற்று. P²-க்கு மேலே உள்ள யாவும் புதியவை என்று அது கூறவில்லை. ஒவ்வொரு பகு எண்ணும் ஒரே ஒரு முறை நீக்கப்பட வேண்டுமெனில், அதன் மீச்சிறு பகாக் காரணியால் மட்டும் அதை நீக்கும் வேறொரு முறையை நாட வேண்டும். அது ஆய்லரின் பெயரால் வழங்கும் சல்லடையாகும்.

4. வர்க்க விதியின் நிறுவல்

விதியை இரு கூற்றுகளாகப் பிரித்து நோக்குவது தெளிவைத் தரும். p²-க்குக் கீழே தொடங்கத் தேவையில்லை என்பது முதல் கூற்று. p²-க்கு மேலே தொடங்கக் கூடாது என்பது இரண்டாவது கூற்று.

முதல் கூற்றின் நிறுவல் பின்வருமாறு. m என்பது p-இன் மடங்காகவும், p-ஐவிடப் பெரிதாகவும், p²-ஐவிடச் சிறிதாகவும் உள்ள எண் எனக் கொள்க. அப்போது m = p × k என எழுதலாம்; இங்கு k-இன் மதிப்பு 2 முதல் p − 1 வரை இருக்கும். ஒன்றைவிடப் பெரிய ஒவ்வோர் எண்ணுக்கும் குறைந்தது ஒரு பகாக் காரணி உண்டு. எனவே k-க்கும் ஒரு பகாக் காரணி இருக்கும். அதனை q எனக் கொள்க. q என்பது k-ஐவிடப் பெரிதாக இருக்க இயலாது. K என்பது p-ஐவிடச் சிறியது. ஆகவே q < p. மேலும் q என்பது k-ஐ வகுப்பதால் m-ஐயும் வகுக்கும்.

பெரும்பாலான விளக்கங்கள் இங்கேயே முடிந்துவிடுகின்றன. m என்பது தன்னைவிடச் சிறிய பகா எண்ணான q-இன் மடங்கு. Q-இன் சுற்று முடிந்துவிட்டது. ஆகவே m நீங்கிவிட்டது என்று அவை கூறுகின்றன. ஆனால் q-இன் சுற்று 2q-இலிருந்து தொடங்கவில்லை. அது q²-இலிருந்து தொடங்கியது. m என்பது q²-க்குக் கீழே இருந்தால் அது நீங்கியிருக்காது. எனவே m ≥ q² என்பதையும் காட்டியாக வேண்டும். அதற்கு ஒரே வரி போதும். m = p × k; p > q; k ≥ q; எனவே m = p × k > q × q = q². ஆகவே m என்பது q-இன் சுற்றுக்குள் வந்தே தீரும். முதல் கூற்று நிறுவப்பட்டது.

இந்த ஒரு வரி சிறியதாயினும், அது இல்லாவிட்டால் நிறுவல் நிறைவுறாது. ஒரு பகா எண்ணின் தொடக்கத்தை மட்டும் உயர்த்தி மற்றவற்றை 2q-இலேயே வைத்திருந்தால் முந்தைய விளக்கம் போதுமானது. எல்லாப் பகா எண்களின் தொடக்கத்தையும் ஒருசேர உயர்த்தும்போது, ஒன்று விட்டதை மற்றொன்று எடுத்துக்கொள்கிறது என்னும் உறுதி தனியே தேவைப்படுகிறது. அவ்வுறுதியைத் தருவது மேற்கண்ட சமனிலியே.

இரண்டாவது கூற்று எளியது. p²-இன் ஒரே பகாக் காரணி p. வேறெந்தப் பகா எண்ணின் சுற்றிலும் அது நீங்க வாய்ப்பில்லை. எனவே நீக்கலை p² + p-இலிருந்து தொடங்கினால் p² பட்டியலில் எஞ்சிவிடும். 25 பகா எண்ணாகத் தோன்றும். ஆகவே p² என்பது ஏற்கத்தக்க தொடக்கங்களுள் ஒன்று மட்டுமன்று. அதுவே மிகச் சரியான எல்லை. அதற்குக் கீழே தொடங்குவது வீண். அதற்கு மேலே தொடங்குவது பிழை.

நீக்கப்படாத அடுத்த எண் உண்மையிலேயே பகா எண்தானா என்பதும் இந்நிறுவலில் அடங்கும். அவ்வெண் n பகு எண்ணாக இருந்தால், அதன் மீச்சிறு பகாக் காரணி r-இன் வர்க்கம் n-ஐவிடப் பெரிதாக இராது. r-இன் சுற்று முன்னரே முடிந்திருக்கும். R²-இலிருந்து தொடங்கிய அச்சுற்றில் n நீங்கியிருக்கும். இது n நீங்கவில்லை என்பதற்கு முரண். எனவே n பகா எண்ணே.

5. விதியின் உண்மையான பயன்

வர்க்க விதி வேலையை எவ்வளவு குறைக்கிறது? 100 வரையிலான சல்லடையை மூன்று விதமாகச் செய்து ஒப்பிடலாம். ஒவ்வொரு பகா எண்ணுக்கும் 2p-இலிருந்து தொடங்கி, 47 வரையுள்ள எல்லாப் பகா எண்களுக்கும் நீக்கலைச் செய்தால் மொத்தம் 146 நீக்கல்கள் நிகழும். 2p-இலிருந்தே தொடங்கி, ஆனால் 7-உடன் நிறுத்திக்கொண்டால் 49 + 32 + 19 + 13 = 113 நீக்கல்கள் நிகழும். p²-இலிருந்து தொடங்கினால் 104. ஆகவே 146-இலிருந்து 104-ஆகக் குறைந்த 42 நீக்கல்களில் 33 நீக்கல்கள் 7-உடன் நிறுத்தியதால் மிச்சமானவை. தொடக்கத்தை உயர்த்தியதால் மிச்சமானவை 9 மட்டுமே.

இந்த 9 எவ்வாறு வந்தது என்பதும் எளிது. ஒவ்வொரு p-க்கும் 2p முதல் (p − 1)p வரை தவிர்க்கப்படும் மடங்குகள் p − 2 ஆகும். 2, 3, 5, 7 ஆகியவற்றுக்கு அவை முறையே 0, 1, 3, 5. பத்து இலட்சம் வரையிலான சல்லடையில் 1000-க்குக் கீழுள்ள 168 பகா எண்கள் பயன்படுகின்றன. அவற்றின் கூடுதல் 76,127. எனவே தவிர்க்கப்படும் நீக்கல்கள் 76,127 − 336 = 75,791. மொத்த நீக்கல்களோ ஏறத்தாழ 22 இலட்சம். ஆகவே தொடக்கத்தை உயர்த்துவதால் நேரடியாகக் கிடைக்கும் மிச்சம் ஏறத்தாழ மூன்றரை விழுக்காடுதான். மாறாக, 1000-க்கு மேற்பட்ட பகா எண்களுக்கும் 2p-இலிருந்து நீக்கலைத் தொடர்ந்திருந்தால் மொத்தம் ஏறத்தாழ 28 இலட்சமாக உயர்ந்திருக்கும்.

எனவே வர்க்க விதியின் முதன்மைப் பயன் தொடக்கத்தில் இல்லை; நிறுத்தத்தில் உள்ளது. p²-இலிருந்து தொடங்கலாம் என ஏற்றுக்கொண்டால், p² > N ஆகும்போது நீக்குவதற்கு எதுவுமில்லை என்பது தானே பெறப்படுகிறது. N-இன் வர்க்கமூலம் வரை சென்றால் போதும் என்று தனி விதியாகக் கற்பிக்கப்படுவது இதன் உடன்விளைவேயாகும். இரண்டும் ஒரே உண்மையின் இரு முகங்கள். பின்வரும் நிரலில் `p * p` என்பது இரு இடங்களில் வருவது இதனாலேயே.

```python
def sieve(N):
    prime = [True] * (N + 1)
    prime[0] = prime[1] = False
    p = 2
    while p * p <= N:
        if prime[p]:
            for m in range(p * p, N + 1, p):
                prime[m] = False
        p += 1
    return [i for i in range(N + 1) if prime[i]]
```

6. விதி பொருந்தாத இடங்கள்

நிறுவலைக் கவனித்தால் அது எவற்றைச் சார்ந்துள்ளது என்பது புலப்படும். p-ஐவிடச் சிறிய ஒவ்வொரு பகா எண்ணின் சுற்றும் நிகழ்ந்திருக்க வேண்டும். அச்சுற்று m-ஐ எட்டியிருக்க வேண்டும். ஓர் எண் நீங்கியதா இல்லையா என்பது மட்டுமே தேவையான செய்தியாக இருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினாலும் விடை பிழைபடும்.

6.1 விடுபட்ட பகா எண். 3-இன் சுற்று ஏதோ காரணத்தால் விடுபட்டுவிட்டது எனக் கொள்க. 2p-இலிருந்து தொடங்கும் சல்லடையில் 15 என்ற எண் 5-இன் சுற்றிலும், 21 என்ற எண் 7-இன் சுற்றிலும் நீங்கிவிடும். வர்க்க விதியைப் பின்பற்றும் சல்லடையிலோ 5-இன் சுற்று 25-இலும், 7-இன் சுற்று 49-இலும் தொடங்குவதால் 15, 21 ஆகிய இரண்டும் எஞ்சிவிடும். வீண் எனக் கருதப்படும் நீக்கல்கள் பிழையை ஓரளவு மறைக்கும் காப்பாகவும் செயல்பட்டன என்பது இதனால் தெரிகிறது. ஆனால் வரிசை மாறுவது தீங்கன்று. தேவையான பகா எண்கள் அனைத்தும் முன்கூட்டியே தெரிந்திருந்தால், 7-இன் சுற்றை முதலிலும் 2-இன் சுற்றை இறுதியிலும் செய்தாலும் முடிவு மாறாது. m என்பது q-இன் சுற்றில் நீங்கும் என்பதே நிறுவலின் சாரம். அச்சுற்று முன்னர் நிகழ்ந்ததா பின்னர் நிகழ்ந்ததா என்பது இறுதிப் பட்டியலைப் பாதிப்பதில்லை. அடுத்த பகா எண்ணைச் சல்லடையிலிருந்தே கண்டெடுக்கும்போது மட்டுமே ஏறுவரிசை இன்றியமையாததாகிறது.

6.2 துண்டுச் சல்லடை. N மிகப் பெரிதாக இருக்கும்போது எண்வரிசை முழுவதையும் நினைவகத்தில் வைக்க இயலாது. அதனைத் துண்டுகளாகப் பிரித்துச் சலிப்பது வழக்கம். 100 முதல் 130 வரையிலான துண்டை எடுத்துக்கொள்க. 11-க்கு மேல் செல்லத் தேவையில்லை. 13-இன் வர்க்கம் 169. இங்கு 7-இன் சுற்றை 49-இலிருந்து தொடங்க இயலாது; 49 துண்டுக்கு வெளியே உள்ளது. 100-க்குக் குறையாத 7-இன் முதல் மடங்கான 105-இலிருந்து தொடங்க வேண்டும். 11-க்கோ நிலை வேறு. 100-க்குக் குறையாத முதல் மடங்கு 110, வர்க்கம் 121. 110 என்பது 2-ஆல் நீங்குவதால் 121-இலிருந்து தொடங்கினால் போதும். எனவே துண்டின் முதல் மடங்கு, வர்க்கம் ஆகிய இரண்டில் பெரியதே தொடக்கப் புள்ளியாகும். இவ்வாறு சலித்தால் 101, 103, 107, 109, 113, 127 ஆகிய ஆறு பகா எண்கள் எஞ்சுகின்றன.

முதல் மடங்கை மட்டும் கொண்டு வர்க்கத்தை விட்டுவிட்டால், வேலை சற்றுக் கூடுவதைத் தவிரத் தீங்கில்லை எனத் தோன்றலாம். ஆனால் துண்டு 2-இலிருந்து தொடங்கும்போது 7-இன் முதல் மடங்கு 7-ஆகவே அமையும். பகா எண்ணே தன்னை நீக்கிக்கொள்ளும். பெரியதைத் தேர்ந்தெடுக்கும் விதி இப்பிழையிலிருந்தும் காக்கிறது.

6.3 கொள்ளளவு மீறல். கணிதத்தில் சரியான விதி கணிப்பொறியில் வேறுவிதமாகப் பிழைபடலாம். 32 பிட் குறியுள்ள முழு எண் ஏற்கும் மீப்பெரு மதிப்பு 2,147,483,647. வர்க்கம் இதனைக் கடக்கும் முதல் பகா எண் 46,349. அதன் வர்க்கம் 2,148,229,801. வெளிச்சுற்றை வர்க்கமூலத்தில் நிறுத்தாமல் N வரை ஓடவிட்டு, உட்சுற்றை `p * p`-இலிருந்து தொடங்கும் ஜாவா நிரலில், N என்பது 46,349-ஐ எட்டியதும் தொடக்க மதிப்பு −2,146,737,495 எனக் குறை எண்ணாகிவிடும். அணியின் சுட்டெண் பிழையுடன் நிரல் நின்றுவிடும். நின்றுவிடுவதால் பிழை வெளிப்படுகிறது.

குறியற்ற 32 பிட் முழு எண்ணில் நிலை இதனினும் மோசமானது. அங்கு 65,537-இன் வர்க்கமான 4,295,098,369 கொள்ளளவை மீறுகிறது. 4,294,967,296 கழிந்து 131,073 எஞ்சுகிறது. இது 65,537-இன் மடங்கே அன்று. N = 300,000 எனில் உட்சுற்று 131,073, 196,610, 262,147 ஆகியவற்றை நீக்கும். முதல் இரண்டும் பகு எண்கள். 262,147 பகா எண். நிரல் எந்த எச்சரிக்கையும் இன்றி அதனைப் பட்டியலிலிருந்து அகற்றிவிடும். 2p-இலிருந்து தொடங்கியிருந்தால் இப்பிழை நேர்ந்திராது. வெளிச்சுற்றையும் வர்க்க நிபந்தனையால் நிறுத்தினால் இவ்வளவு பெரிய p-ஐ நிரல் எட்டுவதேயில்லை. N கொள்ளளவின் விளிம்பை நெருங்கும்போது மட்டும் `p * p <= N` என்பதற்குப் பதில் `p <= N / p` எனச் சோதிப்பது பாதுகாப்பானது.

6.4 நீக்கலைத் தாண்டிய செய்தி. நிக்கோமாக்கஸின் சல்லடை ஓர் எண்ணை அளக்கும் எண்கள் எவை எனக் காட்ட முயன்றது முன்னரே குறிப்பிடப்பட்டது. இன்றும் சல்லடையைக் கொண்டு ஒவ்வோர் எண்ணுக்கும் எத்தனை வெவ்வேறு பகாக் காரணிகள் உள்ளன என்று கணக்கிடுவதுண்டு. அங்கு வர்க்க விதியைக் கையாள்வது முழுத் தவறாகும். 6-ஐ எடுத்துக்கொள்க. 2-இன் சுற்று 4-இலிருந்து தொடங்குவதால் 6-க்கு ஒரு காரணி பதிவாகும். 3-இன் சுற்று 9-இலிருந்து தொடங்குவதால் 6-ஐத் தொடாது. 6-க்கு ஒரே ஒரு பகாக் காரணி என்ற பிழையான விடை கிடைக்கும். ஓர் எண்ணுடன் பொதுக்காரணியற்ற சிறிய எண்களைக் கணக்கிடும் ஆய்லர் சார்பிலும் இதே நிலைதான்: 6-க்கு 2 என வரவேண்டிய விடை 3 என வரும். காரணம் தெளிவானது. ஓர் எண் நீங்கியதா என்ற வினாவுக்கு ஒரு சான்று போதும். எத்தனை காரணிகள் என்ற வினாவுக்கு எல்லாச் சான்றுகளும் வேண்டும். வர்க்க விதி தவிர்ப்பது மிகைச் சான்றுகளையே. மீச்சிறு பகாக் காரணியைப் பதிவுசெய்யும் பட்டியலுக்கு மட்டும், ஏறுவரிசையில் சென்று வெற்றிடமாக உள்ள இடத்தில் மட்டுமே எழுதும் நிலையில், வர்க்க விதி பொருந்தும். ஏனெனில் ஒரு பகு எண் தன் மீச்சிறு பகாக் காரணியின் வர்க்கத்தைவிடச் சிறிதாக இருப்பதில்லை.

7. பிழையைக் கண்டறிதல்

வர்க்க விதியைப் பயன்படுத்தும் நிரலை N = 100 எனக் கொடுத்துச் சோதிப்பது வழக்கம். 25 பகா எண்கள் கிடைத்தால் நிரல் சரி என முடிவு செய்யப்படுகிறது. இச்சோதனை ஒரு முக்கியப் பிழையைக் காட்டாது. `p * p <= N` என்பதற்குப் பதில் `p * p < N` என எழுதப்பட்டிருந்தால், N = 100 ஆகும்போது 10-இன் சுற்று மட்டுமே விடுபடும். 10 பகா எண் அன்று; எனவே விடை மாறாது. N = 10,00,000 எனச் சோதித்தாலும் 1000-இன் சுற்றே விடுபடும்; 78,498 என்ற சரியான எண்ணிக்கையே கிடைக்கும். மாறாக N = 49 எனக் கொடுத்தால் 7-இன் சுற்று விடுபட்டு 49 எஞ்சிவிடும்; 15 பகா எண்களுக்குப் பதில் 16 கிடைக்கும். ஆகவே இவ்விதியைச் சோதிக்க ஏற்ற எல்லைகள் முழுமையான பத்தின் அடுக்குகள் அல்ல. பகா எண்களின் வர்க்கங்களான 4, 9, 25, 49, 121 ஆகியவையே. துண்டுச் சல்லடையில் துண்டின் தொடக்கமும் முடிவும் இத்தகைய வர்க்கத்தில் அமையுமாறு சோதிக்க வேண்டும்.

எண்ணிக்கை கூடுதலாக வந்தால் நீக்கல் விடுபட்டுள்ளது என்றும், குறைவாக வந்தால் மிகையாக நீக்கப்பட்டுள்ளது என்றும் பொதுவாகக் கொள்ளலாம். முதலாவது பெரும்பாலும் தொடக்கப் புள்ளி அல்லது நிறுத்தும் நிபந்தனை பற்றியது. இரண்டாவது கொள்ளளவு மீறல் அல்லது பகா எண் தன்னையே நீக்கிக்கொள்வது பற்றியது.

8. முடிவுரை

சல்லடை முறையில் ஒவ்வொரு பகா எண்ணின் நீக்கலையும் அதன் வர்க்கத்திலிருந்து தொடங்குவது சரியானது. p²-ஐவிடச் சிறிய p-இன் ஒவ்வொரு மடங்குக்கும் p-ஐவிடச் சிறிய ஒரு பகாக் காரணி q உண்டு. அம்மடங்கு q²-ஐவிடப் பெரிதாக இருப்பதால் q-இன் சுற்றில் அது நீங்கியே தீரும். p² தன்னளவில் வேறெந்தச் சுற்றிலும் நீங்காது என்பதால் அதற்கு மேலே தொடங்க இயலாது. இவ்விதியால் நேரடியாக மிச்சமாகும் வேலை சிறிதே. வர்க்கமூலத்துடன் நிறுத்தலாம் என்னும் அதன் உடன்விளைவே பெரும்பயன் தருகிறது. சிறிய பகா எண்கள் அனைத்தும் சலிக்கப்பட்டிருக்க வேண்டும், துண்டின் எல்லை கருத்தில் கொள்ளப்பட வேண்டும், வர்க்கம் கணிப்பொறியின் கொள்ளளவுக்குள் அடங்க வேண்டும், நீங்கியதா இல்லையா என்பது மட்டுமே வினாவாக இருக்க வேண்டும் என்னும் நான்கு நிபந்தனைகளின்கீழ் இவ்விதி பிழையின்றிச் செயல்படும். காரணிகளை எண்ண வேண்டிய இடத்தில், நிக்கோமாக்கஸைப் போல 15-ஐ இருமுறை தொடுவதே முறையாகும்.